வட்ட அணியில் எதிர்ம மீதி: பைத்தானில் 33, சி-யில் -17

மின்னோட்டத்தின் அலையில் ஏற்படும் திடீர் மாற்றங்களைக் கண்டறியும் ஒரு சிறு கருவிக்கு நிரல் எழுதியபோது, கணக்கீட்டை முதலில் பைத்தானில் எழுதிச் சரிபார்த்துவிட்டு, பிறகு அதையே 32 பிட் மைக்ரோகண்ட்ரோலருக்காகச் சி மொழிக்கு மாற்றினோம். கருவி நொடிக்கு 1000 அளவீடுகளை எடுத்து, 50 இடங்கள் கொண்ட ஒரு வட்ட அணியில் வரிசையாக எழுதும். கடைசி இடம் நிரம்பியதும் மீண்டும் 0-க்குத் திரும்பும். மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஒரு சுற்றுக்கு 20 மில்லிநொடி, அதாவது 20 அளவீடுகள். இப்போதைய அளவீட்டிலிருந்து ஒரு சுற்றுக்கு முந்தைய அளவீட்டைக் கழித்தால், அலை சீராக இருக்கும்வரை விடை ஏறக்குறைய பூஜ்யமாகவே இருக்க வேண்டும். கீழே buf என்பது அந்த அணி, head என்பது இப்போதைய அளவீடு இருக்கும் இடம்.

```
old = buf[(head - 20) % 50]
```

பைத்தானில் இந்த வரி பிசகவே இல்லை. சி-யில் கடைசியில் ஓர் அரைப்புள்ளியைச் சேர்த்தால் அதே வரி செல்லும். ஆனால் பலகையில் ஓடவிட்டபோது, ஒவ்வொரு 50 மில்லிநொடியிலும் 20 மில்லிநொடிக்குக் குப்பையான எண்களும் மீதி 30 மில்லிநொடிக்குச் சரியான எண்களும் மாறி மாறி வந்தன. இந்தத் தாளமே நோயின் அடையாளம். சென்சாரிலோ மின்னிணைப்பிலோ கோளாறு இருந்தால், அது அணியின் நீளத்தோடு இவ்வளவு ஒழுங்காக ஒத்துப்போகாது. head 0 முதல் 19 வரை இருக்கும்போது மட்டும் கழித்தலின் விடை பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. தவறு நேர்வதும் சரியாக அந்த 20 இடங்களில்தான்.

head 3 என்று வைத்துக்கொள்வோம். 3-லிருந்து 20 போனால் -17. அதை 50-ஆல் வகுக்கும்போது பைத்தான் ஈவைக் கீழ்நோக்கி எடுத்து -1 என்று கொள்வதால், மீதி 33 ஆகிறது. சி99 தரத்திலிருந்து சி மொழி ஈவைப் பூஜ்யத்தை நோக்கி வெட்டுகிறது. ஈவு 0, மீதி -17. (சி89 இதை ஒவ்வொரு கம்பைலரின் விருப்பத்துக்கே விட்டிருந்தது.) ஈவை வகுக்கும் எண்ணால் பெருக்கி மீதியைக் கூட்டினால் பழைய எண் திரும்ப வர வேண்டும் என்ற விதியை இரண்டு மொழிகளுமே காப்பாற்றுகின்றன, ஆகவே இதில் எந்த மொழியையும் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் buf[-17] என்பது சி-யில் அணிக்கு முன்னால் இருக்கும் நினைவகம். நிரல் நின்றுபோகும் என்பதற்கு உறுதியில்லை. அங்கே கிடப்பதை எடுத்துக்கொண்டு போய்விடலாம். பைத்தான் இந்தச் சிக்கலை இரண்டாவது முறையும் மறைக்கிறது: மீதி -17 என்றே வந்திருந்தாலும், 50 உறுப்புகள் கொண்ட பட்டியலில் buf[-17] என்பது கடைசியிலிருந்து பதினேழாவது, அதாவது அதே 33-ஆம் இடம். எனவே பைத்தானில் எத்தனை சோதனை செய்தாலும் இது வெளிப்பட வழியில்லை.

இதற்கு அடுத்துப் பலரும் செய்யும் திருத்தம்தான் எனக்கு அதிகக் கவலை தருவது. 50 என்று நேரடியாக எழுதாமல், அணியின் நீளத்தை sizeof கொண்டு கணக்கிடுவது நல்ல பழக்கமாகவே தோன்றும்.

```
int i = (head - 20) % (sizeof buf / sizeof buf[0]);
```

sizeof தரும் எண் குறியற்றது. அதனோடு சேரும் -17-உம் குறியற்றதாக மாறி, 32 பிட் பலகையில் 4294967279 ஆகிறது. அதை 50-ஆல் வகுத்தால் மீதி 29. அணிக்குள்ளேயே இருக்கும் இடம் என்பதால் எல்லை மீறலைப் பிடிக்கும் கருவிகள் வாய் திறக்காது. ஆனால் 29-ஆம் இடத்தில் இருப்பது 24 மில்லிநொடிக்கு முந்தைய அளவீடு. 4 மில்லிநொடி பிசகு 50 ஹெர்ட்ஸ் அலையில் 72 பாகை; கழித்தால் பூஜ்யத்துக்குப் பதிலாக, மூல அலையின் உயரத்தைப்போல் ஏறத்தாழ 1.18 மடங்கு உயரமுள்ள அலைத்துண்டு கிடைக்கும். குப்பை எண் என்றால் பார்த்தவுடன் சந்தேகம் வரும். இதுவோ மின்னோட்டத்தில் நிகழ்ந்த உண்மையான மாற்றத்தைப் போலவே தெரியும். அதே வரியை 64 பிட் கணினியில் சோதித்தால் விடை 29 கூட அல்ல, 49.

நீளம் 64 என்று இருந்தால் sizeof வடிவில் இந்தப் பிசகு நடக்காது, ஏனெனில் 2-இன் 32-ஆம் அடுக்கு 64-ஆல் மீதியின்றி வகுபடும். 64-ஐ வைத்துச் சோதித்துவிட்டுப் பின்னாளில் நீளத்தை 50-ஆகக் குறைப்பவருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காது.

நாங்கள் வைத்துக்கொண்ட வடிவம், கழிப்பதற்கு முன்பே நீளத்தைக் கூட்டிவிடுவது:

```
i = (head + N - k) % N;
```

N அணியின் நீளம், k பின்னோக்கிப் போக வேண்டிய இடங்களின் எண்ணிக்கை, இங்கே 20. k-இன் மதிப்பு N-ஐத் தாண்டாதவரை அடைப்புக்குள் இருப்பது பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஆகவே குறியுள்ள எண்ணானாலும் குறியற்ற எண்ணானாலும், பைத்தானானாலும் சி-யானாலும் விடை ஒன்றே. சோதனைக்கு மின்னோட்ட அலையைக் கொடுப்பதை விட்டுவிட்டு, 0, 1, 2, 3 என்று ஏறிக்கொண்டே போகும் எண்களை அணியில் எழுதினோம். அணி ஒருமுறை நிரம்பிய பிறகு, எடுத்த பழைய மதிப்பு எப்போதும் இப்போதைய மதிப்பைவிடச் சரியாக 20 குறைவாக இருக்க வேண்டும். 24 குறைவாக வந்தால் பிழையின் அளவையும் அந்த எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். இந்தச் சோதனையை 50, 64 ஆகிய இரண்டு நீளங்களிலும், கணினியிலும் பலகையிலும் தனித்தனியாக ஓட்டுகிறோம்.