ஏஜென்சி எடுக்கும் முன் இலக்கைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம்

சலவைத்தூளும் பாத்திரம் துலக்கும் சோப்பும் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் ஏரியா விற்பனைப் பொறுப்பில் இருந்தேன். தென்மாவட்டத்தில் ஒரு தாலுகாவுக்கு ஏஜென்சி கொடுப்பதாக முடிவானது. எடுத்துக்கொள்ள முன்வந்தவர் பல வருடம் மளிகை மொத்த வியாபாரம் செய்தவர். ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “தம்பி, நம்ம தாலுகாவுக்கு நான் மட்டும்தான்னு எழுதியிருக்கா? அப்ப எங்க கையெழுத்து போடணும்னு காட்டுங்க.”

எழுதியிருந்தது. ஆனால் அந்த உரிமை நிலைப்பதும் போவதும் அதற்கு நாலு பக்கம் தள்ளி இருந்த குறைந்தபட்சக் கொள்முதல் இலக்கைப் பொறுத்தது. அதைப் புரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போட்டவர்கள் பாதி வருடத்திலேயே கம்பெனியோடு மனஸ்தாபப்பட்டு விலகியதை வேறு ஊர்களில் பார்த்திருக்கிறேன். அதனால், “அண்ணாச்சி, ஒரு மதியம் ஒதுக்குங்க, கணக்கு நோட்டோட உட்காருவோம்” என்றேன்.

‘நான் மட்டும்தான்’ என்பதற்கு எல்லை எது என்பதிலிருந்து தொடங்கினோம். அந்தத் தாலுகாவில் கம்பெனி இன்னொரு டிஸ்ட்ரிபியூட்டரை நியமிக்காது. ஆனால் சூப்பர் மார்க்கெட் சங்கிலிக் கடைகளுக்கும் ஆன்லைன் விற்பனைக்கும் நேரடியாகச் சரக்கு கொடுக்கும் உரிமையை அது தன் கையில் வைத்திருந்தது. “அப்ப பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கிற பெரிய கடைக்கு நான் கொடுக்க முடியாதா?” என்று கேட்டார். முடியாது. அந்தக் கடை மாதம் எடுக்கும் சரக்கு அவர் கணக்கில் வரவே வராது. தன் பங்குக்கு அவரும் இரண்டுக்குக் கட்டுப்பட வேண்டும்: தாலுகாவுக்கு வெளியே விற்கக்கூடாது, வேறு கம்பெனி சலவைத்தூளை வைக்கக்கூடாது.

அடுத்து இலக்கு. வருடத்துக்கு 48 லட்சம், காலாண்டுக்கு 12 லட்சம் என்று போட்டிருந்தது. அவர் இதைக் கடைகளுக்கு விற்கும் தொகை என்று நினைத்திருந்தார். ஒப்பந்தத்தில் இருந்ததோ கம்பெனி அவருக்குப் போடும் பில் தொகை, அதுவும் ஜிஎஸ்டி நீங்கலாக. 18 சதவீத வரியோடு அவர் வங்கியிலிருந்து 12 லட்சம் கட்டியிருந்தால், இலக்குக் கணக்கில் ஏறுவது சுமார் 10 லட்சத்து 17 ஆயிரம்தான். பாஸ்புக்கைப் பார்த்து முடித்துவிட்டோம் என்று இருப்பார். கம்பெனி கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் குறையும். இதைத் தாளில் எழுதிக் காட்டியபோதுதான் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அவர் ஊரால் எவ்வளவு தாங்க முடியும் என்று அவர் நோட்டிலிருந்தே கணக்குப் போட்டோம். லைன் போகிற கடைகளில் இந்தச் சரக்கை எடுக்கக்கூடியவை 200 என்று அவரே எண்ணிச் சொன்னார். சின்னக் கடை, பெரிய கடை எல்லாம் சேர்த்துச் சராசரியாகக் கடைக்கு மாதம் 1,500 ரூபாய். ஆக மாதம் 3 லட்சம். இது வரி நீங்கலாக அவர் விற்கும் விலை. வாங்கும் விலைமேல் அவருக்கு 8 சதவீத மார்ஜின் என்பதால், கம்பெனியிடம் வாங்கும் விலையில் சுமார் 2 லட்சத்து 78 ஆயிரம். காலாண்டுக்கு 8 லட்சத்து 33 ஆயிரம். இலக்கோ 12 லட்சம்.

“அப்ப முதல் மூணு மாசத்துலயே விழுந்துருவேனே” என்றார். விழமாட்டார். இந்த வகை ஒப்பந்தத்தில் என்னை எப்போதும் உறுத்துவது இதுதான். ஏஜென்சி தொடங்கும்போது குடோனை நிரப்ப ஏறக்குறைய 4 லட்சத்துக்குச் சரக்கு இறக்குவார்கள். அதுவும் கொள்முதல்தானே? 8.33 லட்சத்தோடு அந்த 4 லட்சமும் சேர்ந்து முதல் காலாண்டு 12 லட்சத்தைத் தாண்டிவிடும். எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டாம் காலாண்டில் குடோன் ஏற்கெனவே நிறைந்திருக்கும், கடைகளில் ஓடும் அளவுக்குத்தான் வாங்க முடியும். பள்ளம் அப்போதுதான் தெரியும்.

அந்தப் பள்ளத்தை மூடக் காலாண்டின் கடைசி வாரத்தில் கம்பெனி ஆள் வந்து நிற்பார், கூடுதல் ஸ்கீம் தருகிறேன், இன்னும் 4 லட்சத்துக்கு எடுங்கள் என்பார். “நானே வருவேன், அண்ணாச்சி. எனக்கும் மேலே இலக்கு இருக்கு” என்று சொன்னேன். எடுத்தால் அந்த இலக்கு முடியும். ஆனால் அடுத்த காலாண்டில் அந்த 4 லட்சத்தை விற்றுத் தீர்க்கும்வரை புதிதாக வாங்க முடியாது, பள்ளம் இன்னும் ஆழமாகும். சரக்கைத் தள்ள ஏஜென்சிக்காரர்கள் கடைகளுக்கு நீண்ட கடன் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் பக்கத்துத் தாலுகாவுக்கு விலை குறைத்து அனுப்புவார்கள். அது ஒப்பந்த மீறல். குடோனில் ஒன்றரை மாத விற்பனைக்கு மேல் சரக்கு நிற்கிறதென்றால் ஊர் தாங்கும் அளவைவிட இலக்கு பெரியது என்று அர்த்தம். மாதாமாதம் இருப்பை எண்ணிப் பார்த்தால் இது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இலக்கு குறைந்தால் என்ன ஆகும் என்ற பிரிவைக் கடைசியில் எடுத்தோம். தொடர்ந்து இரண்டு காலாண்டு 80 சதவீதத்துக்குக் கீழே போனால் தனி உரிமை போய்விடும், கம்பெனி இன்னொருவரை நியமிக்கலாம். 12 லட்சத்தில் 80 சதவீதம் 9.6 லட்சம், இவரது 8.33 அதற்கும் கீழே. அபராதம் எதுவும் எழுதவில்லை, அது நல்லது. ஆனால் தனி உரிமை போன பிறகும் வேறு சலவைத்தூள் வைக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு அப்படியே தொடர்வதாக இருந்தது. பாதுகாப்பு போய்விடும், கட்டு மட்டும் இருக்கும். அண்ணாச்சி சத்தமில்லாமல் பேனாவை மூடி மேசையில் வைத்தார். அவர் கோபம் நியாயமானது.

இந்தக் கணக்குத் தாளையே படம் பிடித்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். மேலாளர் முதலில் இறங்கி வரவில்லை. கடை எண்ணிக்கையோடு இரண்டாம் காலாண்டுப் பள்ளத்தைக் காட்டிய பிறகு பேசினார். இலக்கு 10, 9, 10, 11 லட்சம் என்று மொத்தம் 40 லட்சமாக மாறியது. இதில் 80 சதவீதக் கோட்டை முதல் மூன்று காலாண்டிலும் இப்போதைய கடைகளை வைத்தே தாண்டிவிடலாம். கடைசிக் காலாண்டுக்கு 8.8 லட்சம் தேவை, அதற்குப் பத்துப் பதினைந்து கடை கூடுதலாகப் பிடிக்க வேண்டும். அவருக்கு அது முடியும் என்று தோன்றியது. தனி உரிமை போனால் வேறு பிராண்டு தடையும் சேர்ந்தே போகும் என்று ஒரு வரி சேர்த்தார்கள்.

அண்ணாச்சி தானாகக் கேட்ட திருத்தமும் ஒன்று உண்டு, அது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. “நான் ஆர்டர் போட்டு, உங்க லாரி வராம போனா அது யார் கணக்கு?” அதன்படி, எழுத்தில் ஆர்டர் கொடுத்தும் 10 நாளுக்குள் அனுப்பாத சரக்கின் மதிப்பு அந்தக் காலாண்டு இலக்கிலிருந்து கழியும் என்று சேர்த்தோம். போனில் சொன்னது செல்லாது, மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ வேண்டும். தயாரிப்புக் கோளாறால் கட்டிதட்டித் திரும்பிய பாக்கெட்டுகளுக்குக் கம்பெனி தரும் கிரெடிட் நோட்டும் அவர் கொள்முதலிலிருந்து கழிக்கப்படாது.

எல்லாம் சேர்ந்த பிறகு, இலக்குப் பிரிவையும் உரிமைப் பிரிவையும் தமிழில் ஒரே பக்கமாக எழுதிக் கொடுத்தேன். வரி நீக்கிய கொள்முதல் எவ்வளவு, இலக்கு எவ்வளவு, மீதி எவ்வளவு என்று மாதம் 5ஆம் தேதிக்குள் கம்பெனி கணக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் போட்டோம். அப்புறம்தான் முத்திரைத்தாள் வாங்க ஆள் அனுப்பினார்.