பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில்

பண்டைய கிரேக்கர்கள் நாடகம் முழுவதையும் பாடியே நடித்தார்கள் என்று 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகர அறிஞர்கள் சிலர் நம்பினார்கள். அந்த இசை எப்படி ஒலித்தது என்று யாருக்கும் தெரியாது. எனவே இசையமைப்பாளர் யாக்கோப்போ பேரி அன்றாடப் பேச்சையே உற்றுக் கேட்டார்.

பேசும்போது சில அசைகளில் குரல் நிலைத்து நிற்கிறது, மற்றவற்றை வழுக்கிக் கடக்கிறது. நிலைக்கும் அசைக்கு மட்டும், கீழே துணையாக ஒலிக்கும் அடிச்சுரத்தோடு இசைவான சுரம் தந்தார். அடுத்த நிலை அசை வரும் வரை அடிச்சுரம் அசையாது. இடைப்பட்ட அசைகள் அதன் மேல் இசைவின்றி உரசினாலும் பரவாயில்லை. அன்றைய இசை இலக்கணம் எளிதில் ஒப்பாத துணிச்சல் இது! பேசுவதுபோலவே பாடும் ரெசிட்டடிவ் என்ற முறை பிறந்தது இப்படித்தான்.

1600 அக்டோபரில் பிட்டி அரண்மனையில் அரங்கேறிய பேரியின் 'எவ்ரிதீச்சே' என்ற இசைநாடகத்தில், நாயகி பாம்பு கடித்து இறந்ததைத் தோழி வந்து சொல்லும் இடத்தைக் கேளுங்கள். பதற்றம் ஏற ஏறச் சொற்கள் விரைகின்றன, துயரத்தில் தயங்குகின்றன.

தாளக்கட்டு இறுகினால் இது செத்துவிடும். ஒவ்வொரு அசைக்கும் அடிச்சுரத்தை மாற்றினாலும் அப்படியே, பேச்சு மறைந்து சாதாரணப் பாட்டாகிவிடும். அதனால்தான் மேடைக்குப் பின்னால் ஹார்ப்சிகார்டும் கித்தரோனே என்ற நீள்கழுத்து நரம்பு வாத்தியமும் உள்ளிட்ட சில வாத்தியங்களே துணை நின்றன.