வாயு விரிவு வேலைக் கணக்கு: மொரிஷியஸ் பல்கலைக்கழகத்தின் ரெடுயி வளாகத்தில் முதலாண்டு எழுதப் போகும் தம்பி தங்கைகளுக்கு

என் தேர்வு முடிவு வந்தாயிற்று, இனி நிம்மதியாக எழுதலாம். எச்.எஸ்.சி.யில் W = pΔV வரை படித்துவிட்டு வருபவர்கள் தடுமாறுவது வெப்பநிலை மாறா விரிவுக் கணக்கில்தான். சூத்திரம் எல்லாருக்கும் தெரியும். எந்த அழுத்தத்தைப் போடுவது என்பதில்தான் மதிப்பெண் போகிறது.

வேலைக்கு எப்போதும் வெளி அழுத்தமே கணக்கு. திடீர் விரிவின்போது வாயுவுக்குள் அழுத்தம் இடத்துக்கு இடம் மாறும். ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. மீள் விரிவில் மட்டும் வெளி அழுத்தம் வாயுவின் அழுத்தத்தை ஒட்டியே குறைந்துகொண்டு வருகிறது. அதனால்தான் அங்கே p = nRT/V என்று போட்டுத் தொகையிடலாம், ln வருகிறது.

1 மோல் நல்லியல்பு வாயு, 300 K, 5 லிட்டரிலிருந்து 20 லிட்டர். RT = 2494 ஜூல்.

மீள் விரிவு: RT ln 4 = 3458 ஜூல்.
இறுதி அழுத்தத்துக்கு எதிராக ஒரே அடியில்: p₂ = 1.247 × 10⁵ Pa, ΔV = 0.015 m³, வேலை 1871 ஜூல்.
10 லிட்டரில் நிறுத்தி இரண்டு அடியாக: 1247 + 1247 = 2494 ஜூல்.

அடிகளைக் கூட்டக் கூட்ட விடை 3458-ஐ நெருங்கும், தாண்டாது. வரைபடம் போட்டால் செவ்வகங்கள் எல்லாம் வளைகோட்டுக்குக் கீழேயே அடங்குவது தெரியும்.

இதிலிருந்து கிடைக்கும் சோதனையை மட்டும் விடவே விடாதீர்கள். மீள் வேலை எப்போதும் p₂ΔV-க்கும் p₁ΔV-க்கும் நடுவில் விழும். இங்கே 1871-க்கும் 7483-க்கும் நடுவில். கால்குலேட்டரில் ln-க்குப் பதில் log அழுத்தினால் 1502 வரும். மீளா வேலையை விடக் குறைவு, ஆகவே தப்பு. மீளா விரிவுக்கு 7483 வந்தால் தொடக்க அழுத்தத்தைப் போட்டுவிட்டீர்கள். (அந்த 7483 வேறொரு கேள்விக்குச் சரியான விடை: நிலையான p₁-ஆல் வாயுவை 20-லிருந்து 5 லிட்டருக்கு அமுக்கத் தேவைப்படும் வேலை.)

அழுத்தத்தை Pa-இல் போட்டுவிட்டு ΔV-இல் மட்டும் லிட்டரை m³ ஆக்க மறந்தால் விடை ஆயிரம் மடங்கு பெரிதாகும், உடனே கண்ணில் படும்.

குறி: இயற்பியலில் வாயுவின் மேல் செய்த வேலை, ΔU = q + W என்று பழகியிருப்பீர்கள். விரிவில் W எதிர்க்குறி. பொறியியல் புத்தகங்கள் பல இதைத் திருப்பிப் போடும். எந்த மரபு என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

கடைசியாக, என்ட்ரோபி. இரண்டு பாதையிலும் ΔU = 0; ஆனால் உறிஞ்சும் வெப்பம் ஒன்றில் 3458, மற்றதில் 1871. வாயுவின் ΔS-க்கு மீள் வெப்பத்தையே 300-ஆல் வகுக்க வேண்டும்: 11.53 J/K, இரு பாதைக்கும் அதுவே. 1871/300 = 6.24 என்பது ஒரே அடி விரிவில் சூழல் இழப்பது. மொத்தத்தில் 5.29 J/K மிஞ்சும்; மீள் பாதையில் மிஞ்சுவது சுழி.