இருபது பேர், ஆறு கார், ஒரு பாட்டி வீடு

ஜனவரி 11, ஞாயிறு

ஜவ்வாது மலையில் மூன்று நாள் மௌன முகாம், 24ஆம் தேதி காலை கிளம்பணும். ஜமுனாமரத்தூர் தாண்டி உள்ளே போகணும், பஸ்ஸை நம்ப முடியாது. அதனால் எல்லாரையும் காரில் ஏற்றி அனுப்பும் வேலை என் தலையில் விழுந்தது. வியாசர்பாடியில் உட்கார்ந்து பதிவுப் படிவத்தைத் திறந்தேன். மொத்தம் 26 பேர், அதில் கார் எடுத்து வருகிறவர்கள் 6, சீட் வேண்டியவர்கள் 20. "எத்தனை சீட்?" என்ற கேள்விக்கு வந்த பதில்களைக் கூட்டினால் 29. ஒன்பது சீட் மிச்சம் என்று நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

ஜனவரி 13, செவ்வாய்

நிம்மதி போச்சு. ஆறு பேருக்கும் போன் போட்டேன். கொளத்தூர் அண்ணாவும் மணலிக்காரரும் 5 என்று எழுதியது தங்களையும் சேர்த்துத்தானாம், ஆக ஆளுக்கு 4. திருவொற்றியூர் எர்டிகா 7 போட்டிருந்தது. டிரைவர் போக 6, ஆனால் பின்வரிசையில் ஆள் உட்கார்ந்தால் பைகளுக்கு இடமே இல்லை, அதை மடக்கினால் 4. பெரம்பூர் வேகன் ஆரும் 5 என்றது. பின்னால் மூன்று பெரியவர்களை அஞ்சு மணி நேரம் நெருக்க மனசு வரவில்லை, 3 என்று போட்டேன். மாதவரம் அக்கா 4 என்று சரியாகத்தான் எழுதியிருந்தார், ஆனால் மகனை வேலூரில் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு வருகிறாராம், பையன் பதிவிலேயே இல்லை. அங்கே 3. வண்ணாரப்பேட்டைக்காரர் சொன்ன 3 மட்டும் 3ஆகவே இருந்தது. மொத்தம் 21. மிச்சம் ஒன்றே ஒன்று.

கேள்வியை நான் கேட்ட விதமே தப்பு. "உங்களையும் வீட்டாரையும் பைகளையும் கழித்து, வேறு எத்தனை பேரை ஏற்றுவீர்கள்?" என்று கேட்டிருக்கணும்.

ஜனவரி 18, ஞாயிறு

பொங்கல் முடிந்து முகவரிகளைப் பிரித்தேன். பின்கோடு வரிசையில் அடுக்கினால் பக்கத்துப் பக்கத்து ஏரியா சேர்ந்துவிடும் என்று நினைத்தது என் முட்டாள்தனம். 600018 தேனாம்பேட்டை, 600019 திருவொற்றியூர், 600020 அடையாறு! ஒரே பின்கோடாக இருந்தாலும் தொல்லைதான். பழைய வண்ணாரப்பேட்டைக்கும் கொருக்குப்பேட்டைக்கும் 600021தான், நடுவில் ரயில்வே கேட். கூட்ஸ் வண்டி நின்றுவிட்டால் கூப்பிடு தூரத்துக்கு அரை மணி நேரம்.

கடைசியில் தூரத்தை விட்டுவிட்டு திசையைப் பார்த்தேன். எல்லாக் காரும் இரட்டேரி வழியாக நூறடி சாலையைப் பிடித்துத்தான் பெங்களூரு நெடுஞ்சாலைக்குப் போகும். கொளத்தூர் அண்ணாவுக்கு அது வாசலில் இருக்கிறது, அவரை ராயபுரத்துக்குத் திரும்பி வந்து ஆள் ஏற்றச் சொல்வது அநியாயம். ஆனால் திருவொற்றியூர் கார் தண்டையார்பேட்டையிலும் மூலக்கடையிலும் ஆளை எடுப்பதில் சுற்றே இல்லை. யாரும் பின்னால் திரும்பக் கூடாது, வழியில் இருப்பவரை மட்டும் ஏற்றணும், மற்றவர்கள் காலை 5.15க்கு இரட்டேரி சிக்னலுக்கு வந்துவிடணும். வீட்டு முகவரிகளை வாட்ஸ்அப்பில் போடவில்லை. ஏரியா பெயரும் டிரைவர் நம்பரும் அந்தந்தக் காருக்கு மட்டும்.

தண்டையார்பேட்டை முகவரி கொடுத்த ஒரு தங்கச்சியிடம் பேசினால், "அது ஆதார்ல இருக்குற அட்ரஸ்ணா, நான் வேலூர்ல வேலை பாக்குறேன்" என்கிறாள். இதையும் நான் கேட்டிருக்கணும்: அன்று காலை எங்கிருந்து கிளம்புவீர்கள்? சரி, மாதவரம் அக்காவின் பையன் வேலூரில் இறங்கினதும் அந்த சீட் காலி, அதில் இவள் ஏறட்டும். ஒரு சீட்டை இரண்டு பேருக்குக் கொடுத்தாச்சு. சென்னையிலிருந்து ஏறுவது இனி 19தான், மிச்சம் இரண்டு!

ஜனவரி 22, வியாழன்

மணலிக்காரர் கார் கிளட்ச் போய் மெக்கானிக் கடையில் நிற்கிறது, அவர் மட்டும் வருகிறார். ஒரு கார் போனால் அடி இரட்டை. நாலு சீட் போச்சு, ஏற வேண்டியவர் ஒருவர் கூடினார். 20 பேருக்கு 17 சீட். எர்டிகாக்காரர் மச்சானிடம் கூரைக் கேரியர் இருந்தது. பைகள் மேலே, பின்வரிசை திறந்தது, இரண்டு சீட் கிடைத்தது. இன்னும் ஒன்று. வேகன் ஆரின் பின்னால் ஒல்லியான மூன்று பேராகப் பார்த்துப் போட்டேன். (ஒல்லியா என்று போனில் கேட்பது எவ்வளவு சங்கடம் தெரியுமா.)

ஜனவரி 24, சனி

5.40க்கு ஐந்து காரும் கிளம்பின, கேட் புண்ணியத்தில் வண்ணாரப்பேட்டை வண்டி மட்டும் 25 நிமிடம் லேட். குடியரசு தினத்தோடு சேர்ந்த லீவு, நெடுஞ்சாலை முழுக்க வண்டி. வேலூரில் பையன் இறங்கி, தங்கச்சி ஏறிவிட்டாளாம். முகாம் வாசலில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள், அதனால் திரும்பும் பட்டியலை ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். திரும்பும்போது வேலூரில் தங்கச்சி இறங்கணும், பையன் ஏறணும்.