என்.ஐ.பி.டி. ரிப்போர்ட்டில் "ஹை ரிஸ்க்": 99.9 சதவீதம் எங்களைப் படுத்திய பாடு

பனிக்குட நீர் பரிசோதனையின் முழு ரிப்போர்ட்டும் கைக்கு வந்துவிட்டது. குரோமோசோம் 46, எல்லாம் நார்மல். இப்போதுதான் உட்கார்ந்து எழுதத் தெம்பு வந்திருக்கிறது. ரிப்போர்ட்டில் "ஹை ரிஸ்க்" என்ற சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டு ராத்திரி தூங்காமல் கிடக்கும் யாருக்காவது உதவட்டும்.

எனக்கு 26 வயது, முதல் குழந்தை. மூன்றாம் மாத என்.டி. ஸ்கேனில் ஒரு குறையும் இல்லை. "இப்பல்லாம் எல்லாரும் எடுக்கிறாங்கம்மா, எதுக்கும் எடுத்துருவோம்" என்று என்.ஐ.பி.டி.க்கு எழுதிக் கொடுத்தார் எங்கள் டாக்டர். அம்மாவின் ரத்தத்தை வைத்தே குழந்தைக்குக் குரோமோசோம் கோளாறு இருக்க வாய்ப்பிருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் அது. ரத்தம் கொடுத்தோம். ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. டிரைசோமி என்றால் ஒரு குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பது. டிரைசோமி 21, 18 இரண்டும் லோ ரிஸ்க். டிரைசோமி 13-க்கு நேராக மட்டும் சிவப்பில் ஹை ரிஸ்க். தேடிப் பார்த்தால், இந்தக் கோளாறோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவை முதல் வருடத்தைத் தாண்டுவதில்லை என்று போட்டிருந்தது.

லேபுக்கு போன் செய்தார் இவர். எடுத்தவருக்கு ஒரே பதில்தான் தெரியும்: "சார், எங்க டெஸ்ட் 99.9 பர்சென்ட் ஆக்குரேட். ரிப்போர்ட்ல என்ன இருக்கோ அதான்." கிளினிக்கில் அன்று டியூட்டியில் இருந்த இளம் டாக்டர் அதற்கும் ஒரு படி மேலே போனார். "வாரம் கூடிட்டா சிரமம், வீட்ல பேசி சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க" என்றார். என்ன முடிவு என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அத்தை அழ ஆரம்பித்துவிட்டார். 99.9 என்றால் ஆயிரத்தில் ஒரு வாய்ப்புதான் மிச்சம் என்றே நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். லேப்காரரும் அப்படித்தான் நினைத்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தக் கணக்கு தவறு என்று எங்களுக்குப் புரிய வைத்தவர், கர்ப்பகால ஸ்கேனும் மரபணு ஆலோசனையும் பார்க்கும் ஒரு டாக்டரம்மா. ரிப்போர்ட்டைத் திருப்பி வைத்து, பின்பக்கத்தில் 70,000 என்று எழுதினார்.

"உங்க வயசுல, பன்னிரண்டு வாரம் வாக்கில, ஏறத்தாழ ஏழாயிரம் கர்ப்பத்துக்கு ஒண்ணுலதான் டிரைசோமி 13 இருக்கும். அப்ப எழுபதாயிரம் பேருக்கு?"

"பத்து" என்றார் இவர்.

"அந்தப் பத்தையும் இந்த டெஸ்ட் கண்டுபிடிச்சிடுதுன்னே வச்சுக்கலாம். மிச்சம் 69,990 பேருக்குக் கோளாறே கிடையாது. 99.9-ங்கிறது இவங்களைப் பத்தின நம்பர். ஆயிரம் பேர்ல 999 பேரைச் சரியா 'இல்லை'ன்னு சொல்லும், ஒருத்தரைத் தப்பா 'இருக்கு'ன்னு சொல்லும். 69,990-க்கு எத்தனை?"

எழுபது. ஆக, சிவப்பு எழுத்து வாங்கியவர்கள் மொத்தம் எண்பது பேர். அதில் நிஜமாகக் கோளாறு இருப்பது பத்து பேருக்கு. எட்டில் ஒன்று! நாங்கள் ஆயிரத்தில் 999 என்று நினைத்து அழுதுகொண்டிருந்தோம்.

லேப் சொன்னது பொய்யில்லை. கோளாறு இல்லாதவர்களில் எத்தனை பேருக்கு டெஸ்ட் சரியாக வரும் என்பதற்கு அவர்கள் பதில் வைத்திருந்தார்கள். எங்களுக்கு வேண்டியிருந்ததோ, பாசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேருக்கு நிஜமாக இருக்கும் என்பது. அதற்கு டெஸ்டின் தரம் மட்டும் போதாது, கோளாறு எவ்வளவு அரிது என்றும் தெரிய வேண்டும். இல்லாதவர்கள் கூட்டம் அவ்வளவு பெரிதாக இருக்கும்போது, அதில் ஆயிரத்தில் ஒன்று தவறினாலே இருப்பவர்களின் எண்ணிக்கையை விழுங்கிவிடும். இதே டெஸ்ட் 40 வயதுப் பெண்ணுக்கு டிரைசோமி 21 பாசிட்டிவ் என்று சொன்னால் கதை வேறு. அந்த வயதில் எழுபதாயிரம் பேரில் சுமார் ஆயிரம் பேருக்கு அது இருக்கும். தவறாக மாட்டுபவர்கள் அதே எழுபது பேர்தான். அங்கே அந்தச் சிவப்பு எழுத்தை நம்பத்தான் வேண்டும்.

"டெஸ்ட் இன்னும் நல்லதா இருந்தா?" என்று கேட்டேன். பத்தாயிரத்தில் நான்கு பேரைத்தான் தவறாகச் சொல்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டார். 28 பொய், 10 நிஜம். அப்போதும் நாலில் ஒன்றுதான். அதோடு, டிரைசோமி 13 இருந்தால் மூளை, முகம், இதயம், விரல்கள் என்று ஸ்கேனில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் கண்ணில் படும். எனக்கு அன்றே மறுபடி ஸ்கேன் பார்த்தார், ஒன்றும் தென்படவில்லை. அதனால் வாய்ப்பு இன்னும் குறைகிறது, ஆனால் பூஜ்யம் ஆகாது என்று கறாராகச் சொன்னார். அந்தக் கறார்தான் எனக்கு நம்பிக்கை தந்தது.

இதற்கிடையில் லேபிலிருந்து ஒரு சலுகை: "வேணும்னா ஃப்ரீயா ரிப்பீட் பண்ணித் தர்றோம்." இதில் விழுந்துவிடாதீர்கள். அம்மாவின் ரத்தத்தில் மிதக்கும் குழந்தையின் டி.என்.ஏ. என்று இந்த டெஸ்ட் பார்ப்பது பெரும்பாலும் நஞ்சுக்கொடி செல்களிலிருந்து வருவது, குழந்தையின் உடம்பிலிருந்து அல்ல. சில கர்ப்பங்களில் நஞ்சுக்கொடியின் ஒரு பகுதியில் மட்டும் கூடுதல் குரோமோசோம் இருக்கும், குழந்தை நார்மலாக இருக்கும். எத்தனை முறை ரத்தம் எடுத்தாலும் அதே நஞ்சுக்கொடி அதே பதிலைத்தான் சொல்லும். நஞ்சுக்கொடியிலிருந்தே சதை எடுத்துப் பார்க்கும் சி.வி.எஸ். பரிசோதனைக்கும் இந்தச் சிக்கல் உண்டு. பனிக்குட நீரில் இருப்பது குழந்தையின் செல்கள். அதனால் பதினாறு வாரம் வரை பொறுத்திருக்கச் சொன்னார். ஸ்கேனில் ஒன்றும் இல்லாதபோது, வெறும் என்.ஐ.பி.டி.யை வைத்துக் கருவைக் கலைக்கும் முடிவுக்குப் போகவே கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார்.

காத்திருந்து, ஒரு வழியாக நாள் குறித்து, காலை ஆறு மணிக்குக் கிளம்பிப் போனால், பரிசோதனை மையத்தின் ரிசப்ஷனில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பரிந்துரைச் சீட்டில் டாக்டரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இல்லையாம். கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் பி.சி.பி.என்.டி.டி. சட்டப்படி ஃபார்ம் எஃப் என்ற பதிவுப் படிவத்தை நிரப்ப அது வேண்டும் என்றார்கள். சட்டம் நியாயம்தான், இதை முதல் நாள் போனில் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? ரத்த வகை ரிப்போர்ட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், நெகட்டிவ் வகை என்றால் ஊசி போட வேண்டியிருக்கும். ஃபார்ம் ஜி என்பது உங்கள் சம்மதப் பத்திரம். கர்ப்பிணிதான் கையெழுத்திட வேண்டும், அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். என்னிடம் ஆங்கிலத்தாளை நீட்டினார்கள். "தமிழ்ல இருக்கணும்ல?" என்று கேட்டதும் அலமாரியிலிருந்து ஒன்று வந்தது!

ஊசி குத்தியது ஒன்றும் பெரிதில்லை. முதற்கட்ட முடிவு சில நாளில் வந்தது, முழு ரிப்போர்ட் பிறகு.

உங்களுக்கும் இப்படி வந்தால் லேபில் "உங்க டெஸ்ட் எவ்வளவு ஆக்குரேட்?" என்று கேட்காதீர்கள். "என் வயசுக்கு, இந்தக் கோளாறுக்கு பி.பி.வி. எவ்வளவு?" என்று கேளுங்கள். பாசிட்டிவ் வந்தவர்களில் நிஜமாகக் கோளாறு இருப்பவர்களின் விகிதம்தான் பி.பி.வி. எங்கள் ரிப்போர்ட்டில் அது எங்குமே அச்சாகவில்லை. பதில் வராவிட்டால், வயதுக்குரிய விகிதத்தை டாக்டரிடம் கேட்டு எழுபதாயிரம் கணக்கை நீங்களே போட்டுவிடலாம்.

எனக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி. நஞ்சுக்கொடியில் கோளாறு இருந்தால் குழந்தையின் எடை ஏறுவது மந்தமாகலாம் என்பதால், கடைசி மாதங்களில் கூடுதலாக வளர்ச்சி ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார். சீட்டில் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்து வந்தேன்.