ராஜினாமா கடிதமும் பழைய தேதியும்

தம்பி நேற்று தன் ராஜினாமா கடிதத்தை அனுப்பி, "ஒரு தடவை பார்த்துடுண்ணா" என்றான். நண்பனிடம் வாங்கிய மாதிரிக் கடிதம். மேலே பெயரும் தேதியும் சரியாகத்தான் இருந்தன. மூன்றாவது பத்தியில் நண்பனின் மேலாளருக்கு நன்றி சொல்லியிருந்தான்!

அதைவிடப் பெரிய தப்பு நோட்டீஸ் காலம். கடிதத்தில் 30 நாள், கடைசி வேலை நாள் ஏப்ரல் 2. அவனுடைய பணி நியமனக் கடிதத்தை எடுக்கச் சொன்னேன். அதில் 60 நாள். மார்ச் 3 அன்று கொடுத்தால், மறுநாளிலிருந்து எண்ணி மார்ச்சில் 28, ஏப்ரலில் 30, மே மாதத்தில் 2. ஆக மே 2. 'இரண்டு மாதம்' என்று போட்டிருந்தால் கணக்கு ஒரு நாள் தள்ளிப்போகலாம். அதனால் ஒப்பந்தத்தில் உள்ள சொல்லையே அப்படியே எழுதச் சொன்னேன். எண்ணிக்கை எந்த நாளில் தொடங்கும் என்பதை எச்ஆரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

நான் சரிபார்க்கும் விதம் இதுதான். முதலில் Ctrl+F போட்டு நண்பனின் பெயர், நிறுவனம், பழைய ஆண்டு என ஒவ்வொன்றாகத் தேடுவேன். ஆனால் எழுத்து மாறியிருந்தால் தேடலில் சிக்காது. அதனால் அப்புறம் அச்செடுத்து, எல்லாப் பெயரையும் எண்ணையும் பேனாவால் வட்டமிட்டு, ஒவ்வொரு வட்டத்தையும் நியமனக் கடிதத்தோடு ஒப்பிடுவேன், கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி. மேலிருந்து படித்தால் கண் பழக்கத்தில் தாவிவிடும்.

தம்பியின் கடிதத்தில் பதினொரு வட்டம். நான்கு தப்பு. நான்காவது, கோப்பின் பெயரிலேயே நண்பனின் பெயர்.