முதலீடு தேடும்போது பதிவில் எதை எழுதலாம்?

ஸ்டார்ட்அப் வளர்ச்சியை மாதாமாதம் இங்கே எழுதும் நண்பர்களே, "50 லட்சம் திரட்டுகிறோம், பங்கு வேண்டுவோர் இன்பாக்ஸ் வாருங்கள்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பிரைவேட் லிமிடெட் கம்பெனி தனிப்பட்ட முறையில் பங்கு ஒதுக்குவதைப் பொதுமக்களிடம் விளம்பரப்படுத்த 2013 கம்பெனிகள் சட்டத்தின் 42-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. மீறினால் அபராதம் இயக்குநர்கள் மீதும் விழும், வாங்கிய பணத்தை வட்டியோடு திருப்பவும் நேரும்.

தொழில் எப்படிப் போகிறது என்று எழுதத் தடையில்லை. மளிகைக் கடைகளுக்கு பில்லிங் ஆப் விற்பதாக வைத்துக்கொள்வோம். "விற்பனை இரண்டு மடங்கு" என்றால் 2 கடை 4 ஆனதா, 200 கடை 400 ஆனதா என்று யாருக்கும் புரியாது. "மார்ச்சில் பணம் கட்டிய கடைகள் 40, அவற்றில் ஜூனிலும் கட்டியவை 31. விலகிய 9-ல் 6 பேர் சொன்னது, நெட் போனால் பில் வருவதில்லை என்று. இப்போது நெட் இல்லாமலும் பில் போடலாம்" என்று எழுதுங்கள். முதலீட்டாளர் 31-ஐப் பார்ப்பார், கடைக்காரர் கடைசி வரியைப் பார்ப்பார்.

கையிருப்புப் பணம் எத்தனை மாதம் தாங்கும் என்பதை வெளியே சொல்லாதீர்கள். அது தெரிந்த முதலீட்டாளர் பேச்சை இழுத்தடித்தே மதிப்பீட்டைக் குறைத்துவிடுவார். ஸ்கிரீன்ஷாட்டில் கடைக்காரரின் பெயரை மறைத்தாலும் ஊரும் தினசரி விற்பனையும் அவரைக் காட்டிக்கொடுக்கும். அதனால் மாதிரித் தரவு போட்ட டெமோ கணக்கிலிருந்தே படம் எடுங்கள். காப்புரிமை வாங்கும் எண்ணமிருந்தால், விண்ணப்பம் தாக்கலாகும்வரை ஆப் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்க வேண்டாம்.